ஒழுங்காக இருக்கும் குடித்தனக்காரருக்கு வாடகையில் சலுகை கொடுக்கலாமா?

மேல்மாடி:
கீழ் வீட்டில் ஒரு குடும்பம் 6 வருடமாக வாடகைக்கு இருக்கிறது. வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. வீட்டை நான் வைத்திருப்பதைவிட நன்றாக வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அக்ரிமெண்ட் புதுப்பிக்க வேண்டும். வழக்கமாக 5 சதவீதம் ஏற்றுவேன். இந்த முறை ஏற்றாமல் விட்டுவிடலாமா, இல்லை ஏதாவது பரிசு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். என் மனைவி "ரெண்டும் வேண்டாம், பழகிவிடும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நேர்கோடு:
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. வாடகையை நேரத்துக்குக் கொடுப்பதும் வீட்டைக் கெடுக்காமல் வைத்திருப்பதும் அக்ரிமெண்டில் ஏற்கனவே எழுதிக் கையெழுத்துப் போட்ட விஷயங்கள். எழுதினபடி நடந்ததற்குப் பரிசு எதற்கு? நீங்களும் 6 வருடமாக அவர்களைத் தொந்தரவு செய்யாமல்தானே இருந்திருக்கிறீர்கள். அதற்காக அவர்கள் உங்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தார்களா? வாடகையை ஏற்றுங்கள். நட்பு வேறு, வரவு செலவு வேறு.

கூட்டிக்கழி:
நேர்கோடு சார் உணர்ச்சியே வேண்டாம் என்கிறார். சரி, உணர்ச்சியை விடுங்கள், கணக்காகவே பார்ப்போம். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 12 மாத வாடகையில் ஒன்று போச்சு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். மேல்மாடி சார் விடப்போவது 5 சதவீதம். 8 போவதைவிட 5 போவது லாபம்தானே? இதோடு புரோக்கர் கமிஷன், பெயிண்ட் செலவு எல்லாம் சேர்த்தால் 10 சதவீதம் குறைத்தால்கூட நஷ்டமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

குடித்தனம்:
நான் இந்தப் பக்கத்து ஆள். ஒரே வீட்டில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். நேர்கோடு சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். அக்ரிமெண்டில் எழுதியிருப்பது வீட்டைக் கெடுக்கக் கூடாது என்பது மட்டும்தான். மொட்டைமாடித் தண்ணீர் வடியும் வாய் அடைத்துக்கொண்டால் நான் போய்க் குப்பையை எடுத்துவிடுகிறேன். கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் விடுகிறேன். ஜன்னல் சட்டத்தில் பிளவு தெரிந்தால் அன்றே போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புகிறேன். இதெல்லாம் எந்த அக்ரிமெண்டிலும் கிடையாது. செய்யாமல் இருந்தாலும் என்னை யாரும் கேட்க முடியாது. அதற்குச் சம்பளம் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் "கடமைதானே" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

மழைக்காகம்:
நல்ல தலைப்பு. நானும் என் வீட்டுக்காரரிடம் சலுகை கேட்டுப் பார்த்தேன், தரவே மாட்டேன் என்றுவிட்டார். போதாததற்கு, முந்தைய வீட்டைக் காலி செய்தபோது சுவர் மங்கிவிட்டது என்று அட்வான்ஸில் பெயிண்ட் காசு முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். 5 வருடம் இருந்தால் சுவர் மங்கத்தானே செய்யும்? சலுகை கேட்பதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சாவி:
மழைக்காகம், இங்கே கொடுக்க நினைக்கும் வீட்டுக்காரர்தான் கேட்டிருக்கிறார், கேட்கும் வழியைப் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் உங்கள் பெயிண்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

மற்றவர்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். குடிவைப்பது, வாடகை வாங்குவது, காலி செய்யும்போது சாவி வாங்குவது எல்லாம். கூட்டிக்கழி போட்ட கணக்கைத்தான் பல வீட்டுக்காரர்கள் போடுகிறார்கள். அதில் பாதி சரி. வீடு காலியானால் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தச் செலவு குடித்தனக்காரர் போகும்போது ஒரு தடவைதான் வரும். சலுகையோ ஒவ்வொரு மாதமும் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வருடத்துக்குள் வைத்து ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும்.

இப்போதைய மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பம் காலி செய்தால் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், அது 100. பெயிண்ட், சுத்தம், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 100. புரோக்கர், விளம்பரம், பூட்டு மாற்றுவது, வந்து பார்ப்பவர்களுக்குக் கதவு திறந்துவிடப் போகும் நேரம் இதற்கெல்லாம் ஒரு 50. ஆக 250, அதாவது இரண்டரை மாத வாடகை. உங்கள் வீட்டுக்கு இது கூடலாம், குறையலாம். போன தடவை வீடு காலியானபோது என்ன செலவானது என்று எடுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் எண்.

இந்தக் குடும்பம் ஒரு வருடத்தில் காலி செய்துவிட எத்தனை வாய்ப்பு? 6 வருடம் வேர்விட்டவர்கள் சும்மா கிளம்ப மாட்டார்கள். தாராளமாக ஐந்தில் ஒன்று என்று வைத்தாலும், வருடத்துக்கு 50 தான் அந்த ஆபத்தின் விலை. வாடகையை நிரந்தரமாக 5 குறைத்தால் வருடத்துக்கு 60 போகிறது. 60 கொடுத்து 50-ஐக் காப்பாற்றுகிறீர்கள். அதுவும் சலுகை கிடைத்த ஒரே காரணத்துக்காக அவர்கள் கட்டாயம் தங்கிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டால்தான். வேலை மாற்றலாலோ சொந்த வீடு கட்டிப் போவதாலோ காலி செய்பவரை உங்கள் 5 சதவீதம் நிறுத்தாது.

அதனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கொடுக்கவே கூடாது என்பதையும் ஏற்கவில்லை. எந்த வடிவத்தில் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூட்டிக்கழி:
ஐந்தில் ஒன்று என்பது நீங்களாக வைத்த எண். இரண்டில் ஒன்று என்று வைத்தால் என் கணக்கு நிற்கும்.

பழைய சாவி:
நிற்கும். புதிதாக வந்த குடித்தனக்காரராக இருந்தால், அல்லது பக்கத்தில் புது வீடுகள் வரிசையாகக் காலியாக இருந்தால், இரண்டில் ஒன்றுகூட இருக்கலாம். அப்போது குறைப்பது புத்திசாலித்தனம். 6 வருடம் இருந்தவரிடம் அந்த எண் இருக்காது. பெரும்பாலும் யார் கிளம்ப மாட்டாரோ அவருக்குத்தான் நாம் சலுகை கொடுக்க ஆசைப்படுகிறோம். இதில் வேடிக்கை இதுதான்.

நேர்கோடு:
அப்படியானால் நான் சொன்னதேதான். கொடுக்காதீர்கள்.

குடித்தனம்:
பழைய சாவி அண்ணா கணக்கில் ஒரு ஓட்டை. நான் போனால் அடுத்து வருபவர் என்னைப் போலவே இருப்பார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு மாதம் வாடகையை இழுத்தடிப்பவர் வந்தால்? குளியலறைத் தரையில் தண்ணீர் நிற்பதை வருடக்கணக்கில் சொல்லாமல் இருப்பவர் வந்தால்? அந்த ஆபத்து உங்கள் 250-க்குள் எங்கே இருக்கிறது?

பழைய சாவி:
இல்லை. நியாயமான கேள்வி. அதற்கு எண் போட எனக்குத் தெரிந்து நல்ல வழி கிடையாது. ஒரு மோசமான ஆள் மூன்று, நான்கு மாத வாடகையை ஒரேயடியாகத் தின்றுவிடுவார். அதைச் சேர்த்தால் தராசு கொஞ்சம் சலுகைப் பக்கம் சாயும். எத்தனை தூரம் சாயும் என்பது வீட்டுக்காரர் புது ஆளை எப்படி விசாரித்துக் குடிவைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது மேல்மாடி கேட்ட இரண்டு வழிகளுக்கு வருகிறேன். இந்த வருடம் ஏற்றாமல் விடுவது சின்ன விஷயம் போலத் தெரியும். "ஒரு வருடம்தானே, 60 போனால் போகட்டும்" என்று தோன்றும். ஆனால் அது ஒரு வருடத்தோடு நிற்காது. ஏற்றியிருந்தால் வாடகை 105, 110, 116, 122, 128 என்று போயிருக்கும் (பைசாவை விட்டுவிட்டேன்). விட்டுவிட்டால் 100, 105, 110, 116, 122. அந்த ஒரு படி இடைவெளி ஒவ்வொரு வருடமும் கூடவே வரும், மேலே போகப் போக கொஞ்சம் அகலமாகவும் ஆகும். 5 வருடத்தில் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 330. வீடு ஒரு தடவை காலியானால் ஆகும் 250-ஐவிட இது அதிகம். வாடகை உயர்வுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கும் இடமாக இருந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் அடுத்த உயர்வை நடப்பு வாடகையின் மேல்தான் கணக்கிடுவார்கள், விட்ட படியைப் பிறகு ஒரே தாவலில் பிடிக்க முடியாது.

நான் பார்த்துக்கொண்ட ஒரு வீட்டில் முதலாளி நல்ல மனசில் வருடக்கணக்காக ஏற்றாமலே விட்டார். அப்புறம் அவருக்குப் பணத்தேவை வந்தது. அந்தத் தெருவில் மற்ற வீடுகள் எங்கேயோ போயிருந்தன, ஒரே மூச்சில் அந்த அளவுக்கு ஏற்றினார். குடியிருந்தவருக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. அத்தனை வருடம் கிடைத்த சலுகை யாருக்கும் நினைவில் இல்லை, கடைசி உயர்வு மட்டும்தான் நினைவில் நின்றது. அடுத்த மாதமே வீடு காலி.

மேல்மாடி:
இந்த 330 கணக்கை என் மனைவிக்குக் காட்டினேன், முகத்தில் வெற்றிப் புன்னகை. சரி, அப்போது பரிசு மட்டும்தான் வழியா?

பழைய சாவி:
ஒரு நடுவழி இருக்கிறது. வாடகையை ஏற்றுங்கள், சலுகையைத் தனியாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே எண்ணில் கரைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். புதுப்பிக்கும் கடிதத்தில் நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"மாத வாடகை 105. இந்த 12 மாதங்களுக்கு மட்டும் சலுகை 5. செலுத்த வேண்டியது 100. இந்தச் சலுகை அடுத்த புதுப்பித்தலில் தானாகத் தொடராது. அடுத்த உயர்வு 105-இன் மேல் கணக்கிடப்படும்."

குடித்தனக்காரர் கையிலிருந்து போவது அதே 100 தான். உங்களுக்குப் போவது 60, அதோடு முடிந்தது, 330 ஆக வளராது. ஆனால் கடிதத்தில் எழுதினால் மட்டும் போதாது, ஒவ்வொரு மாத ரசீதிலும் 105, கழிவு 5, பெற்றது 100 என்று மூன்று எண்ணும் இருக்க வேண்டும். ரசீதில் வெறும் 100 என்று எழுதிக்கொண்டே வந்தால், நாளைக்கு அவர் "வாடகையே 100 தானே" என்பார். எல்லா ரசீதும் அவர் பக்கம் பேசும். வாடகை உயர்வுக்குக் கட்டுப்பாடு இருக்கும் ஊர்களில் இப்படிக் கழித்துக் கொடுக்கும் சலுகைக்கும் தனி விதி இருக்கலாம், அங்கே முதலில் ஒரு வக்கீலிடம் இந்த நாலு வரியைக் காட்டிவிடுவது நல்லது.

நேர்கோடு:
இதில் ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த வருடம் சலுகை இல்லை என்றால், அவர் கொடுக்க வேண்டியது 100-இலிருந்து 110 ஆகிறது. ஒரே வருடத்தில் 10 சதவீதம். நீங்கள் கதை சொன்ன அந்த முதலாளி செய்ததைத்தான் சின்ன அளவில் செய்யச் சொல்கிறீர்கள். சலுகை கொடுத்த வருடத்தில் கிடைக்கும் நல்ல பெயர், எடுத்த வருடத்தில் வட்டியோடு திரும்பப் போகும்.

பழைய சாவி:
இந்த அடி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அதனால்தான் மாதாமாதம் கழிப்பதைவிட ஒரே ஒரு மாதத்தில் கழிப்பது எனக்குப் பிடிக்கும். வாடகை 105 ஆகவே ஓடட்டும். வருடத்தில் ஏதாவது ஒரு மாதம் மட்டும் பாதி வாடகை போதும் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஆவது 52 அல்லது 53. மாதாமாதம் 5 குறைவது இரண்டாவது மாதத்திலேயே மறந்துபோகும். ஒரு மாதம் பாதி வாடகை என்பது நினைவில் நிற்கும். 110-க்குத் தாவும் பிரச்சினையும் வராது, ஏனென்றால் மாதாமாதம் கொடுத்துப் பழகியது 105 தான்.

அதையும் புதுப்பிக்கும் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம். சேர்த்தால் ஏற்றிய கசப்புக்குப் பூசிய தேன் என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து, எதுவும் கேட்காத நேரத்தில் கொடுங்கள்.

கூட்டிக்கழி:
ஒருவேளை அவர்கள் ஏற்றிய கடிதத்தைப் பார்த்ததுமே வேறு வீடு தேட ஆரம்பித்துவிட்டால்? மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் சலுகைக்கு அங்கே ஆள் இருக்க மாட்டார். தங்க வைப்பதற்காகக் கொடுப்பது என்றால் முடிவெடுக்கும் நேரத்தில்தான் கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய சாவி:
தங்க வைக்கக் கொடுப்பது என்றால் நீங்கள் சொல்வது சரி, அப்போது கடிதத்தோடுதான் கொடுக்க வேண்டும். நன்றிக்காகக் கொடுப்பது என்றால் நான் சொல்வது. மேல்மாடி எதற்காகக் கொடுக்கிறார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

குடித்தனம்:
பரிசு பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். சுடுதண்ணீர் ஹீட்டர் பழசாகி, திறந்தால் துருத் தண்ணீர் வருகிறது என்று நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் புதுசு மாட்டிவிட்டு, "நீங்கள் வீட்டை நன்றாக வைத்திருப்பதற்கு என் அன்பளிப்பு" என்றார். அது அன்பளிப்பா? செய்ய வேண்டிய ரிப்பேர். சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பரிசே இல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை.

நேர்கோடு:
ஹீட்டர் உங்களுக்குத்தானே பயன்பட்டது? பெயர் என்னவாக இருந்தால் என்ன?

குடித்தனம்:
பெயர்தான் முக்கியம் சார். ரிப்பேர் என்றால் அடுத்த முறை கெட்டாலும் உரிமையோடு கேட்பேன். பரிசு என்றால் கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் வீட்டுக்காரருக்கு வசதி.

பழைய சாவி:
எனக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இந்தக் குடும்பம் நாளைக்குக் காலி செய்தால், அடுத்தவரைக் குடிவைப்பதற்கு முன் அந்தப் பொருளை எப்படியும் மாற்றுவீர்களா? மாற்றுவீர்கள் என்றால் அது ரிப்பேர், பரிசுக் கணக்கில் எழுதக் கூடாது. மாற்ற மாட்டீர்கள், ஆனால் இருந்தால் அவர்களுக்கு நன்றாக இருக்கும் என்றால் அது பரிசு. துணி காயப்போட நல்ல கொடி, சமையலறையில் இன்னொரு பிளக் பாயிண்ட், ஜன்னலுக்குப் பூச்சி வலை இந்த வகையில் வரும். வீட்டோடு நிற்கிற பொருளாக இருந்தால் உங்களுக்கும் மிச்சம். என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள், நீங்களாக யோசித்து வாங்கினால் பாதி நேரம் அவர்களுக்கு வேண்டாததாக இருக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லும்போது ஜாக்கிரதை. "இந்த வருடம் ஒரு ரிப்பேர்கூட வைக்கவில்லை, அதற்காக" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

ஒரு அடுக்குமாடி வீட்டில் முதலாளி இதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார். வருடம் முழுக்க ரிப்பேர் என்று கூப்பிடாவிட்டால் ஒரு மாத வாடகையில் பாதி கழிவு. நல்ல குடித்தனக்காரர், தப்பான ஆள் இல்லை. சிங்குக்கு அடியில் வளைகுழாய் இணைப்பில் வாஷர் தேய்ந்து சொட்ட ஆரம்பித்தது. கூப்பிட்டால் கழிவு போய்விடுமே என்று டேப் சுற்றினார், கீழே ஒரு டப்பா வைத்தார். டப்பா நிரம்பினால் கொட்டிவிடுவார். இரவில் நிரம்பி வழிந்தது தெரியாது. நான் வருடாந்திரப் பார்வைக்குப் போனபோது சமையலறை பளபளவென்று இருந்தது, மேடை துடைத்து மினுங்கியது. அலமாரிக் கதவைத் திறந்தால் அடிப்பலகை உப்பி, விரலை வைத்தால் பிட்டுப் பிட்டாக வந்தது. பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. கீழ்வீட்டு மேற்கூரையில் பழுப்பு வட்டம். ஒரு வாஷர் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, அலமாரி, சுவர்ப்பூச்சு, கீழ்வீட்டுப் பெயிண்ட் என்று போயிற்று. அவருக்குக் கழிவு கொடுத்து மிச்சப்படுத்த நினைத்ததெல்லாம் அந்த ஒரு அலமாரியில் கரைந்தது.

யார் அடிக்கடி கூப்பிடுகிறாரோ அவரைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு சொட்டு விழும்போதே கூப்பிடுபவர்தான் வீட்டை நன்றாக வைத்திருப்பவர். பரிசு கொடுப்பதானால் "சீக்கிரம் சொன்னதற்கு" என்று சொல்லிக் கொடுங்கள்.

மேல்மாடி:
இது என்னை யோசிக்க வைக்கிறது. கீழ் வீட்டிலிருந்து இரண்டு வருடமாக ஒரு ரிப்பேர்கூட வரவில்லை. அதைத்தான் நான் "நன்றாக வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

பழைய சாவி:
பயப்பட வேண்டாம், உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். ஆனால் கூடத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு வசதியான நேரத்தில் போங்கள். சிங்குக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும், பலகை உப்பியிருக்கிறதா என்று. குளியலறைக் கதவின் கீழ் ஓரம் ஊறியிருக்கிறதா, கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா, ஏசி இருந்தால் அதன் தண்ணீர்க் குழாய் எங்கே வடிகிறது, ஜன்னலுக்குக் கீழே சுவரில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா, இவ்வளவும் கால் மணி நேர வேலை. போகும்போதே "ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், செலவு என்னுடையது" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பாதி விஷயம் அவர்களாகவே சொல்வார்கள்.

நேர்கோடு:
பரிசு கொடுக்க வந்தவரைச் சோதனை போட வைத்துவிட்டீர்களே.

பழைய சாவி:
சோதனை முடிந்து மறுநாளே பரிசோடு போகக் கூடாதுதான். பாஸ் மார்க் போட்டது போல இருக்கும். நாளைத் தள்ளி வையுங்கள்.

மழைக்காகம்:
என் பெயிண்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன் என்றீர்களே?

பழைய சாவி:
வருகிறேன். பல வருடம் குடியிருந்தால் சுவர் மங்குவதும் கைபடும் இடத்தில் அழுக்கேறுவதும் புழங்கிய தேய்மானம். அதற்கு அட்வான்ஸில் கைவைப்பது முறையில்லை, பல இடங்களில் சட்டமும் அதையே சொல்கிறது. சுவரை உடைத்து ஓட்டை போட்டிருந்தால் அது வேறு. அப்போதுகூட முழு வீட்டுப் பெயிண்டையும் ஒருவர் தலையில் கட்ட முடியாது, ஏற்கனவே 5 வருடம் பழசான பெயிண்ட்தானே அது. குடிவந்த அன்று எடுத்த போட்டோ இருந்தால் பேசிப் பாருங்கள், இல்லாவிட்டால் கஷ்டம்.

மேல்மாடிக்கு இது எதற்கு என்றால், 6 வருடம் இருந்தவருக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை வாடகைச் சலுகையே இல்லை. காலி செய்யும் அன்று அட்வான்ஸை முழுசாக, இழுத்தடிக்காமல் கொடுப்பது. வருடா வருடம் பரிசு கொடுத்துவிட்டு, கடைசி நாளில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குடித்தனம்:
இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். "தேய்மானத்துக்கு அட்வான்ஸில் பிடிக்க மாட்டேன்" என்று புதுப்பிக்கும்போதே எழுதிக் கொடுத்தால், எனக்கு அந்தப் பாதி மாத வாடகைகூட வேண்டாம்.

கூட்டிக்கழி:
எனக்கு வேண்டும். காசுதான் காசு. எப்போதோ காலி செய்யப்போகும் அன்று கிடைப்பதை வைத்து இன்றைக்கு யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்.

நேர்கோடு:
மேல்மாடி, இன்னொன்று விட்டுப்போயிற்று. உங்களுக்கு வேறு குடித்தனக்காரர்கள் இருக்கிறார்களா? ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் காதுக்குப் போகாமல் இருக்காது. "அவர்கள் உங்கள் ஆட்கள் என்பதால் கொடுத்தீர்கள்" என்று பேச்சு வரும்.

மேல்மாடி:
இல்லை, இந்த ஒரு வீடுதான். அந்தக் கவலை இல்லை.

பழைய சாவி:
இரண்டு வீடு இருந்தால் மட்டும், இத்தனை வருடம் இருந்து இத்தனை காலம் தாமதமில்லாமல் கட்டியவருக்கு என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்தவருக்கு என்று கொடுத்தால் நேர்கோடு சொல்வது நடக்கும்.

மேல்மாடி:
எல்லாவற்றையும் படித்துவிட்டு நாங்கள் இருவரும் பேசினோம். வாடகையை வழக்கம்போல 5 சதவீதம் ஏற்றுகிறேன். தேய்மானத்துக்கு அட்வான்ஸில் கைவைக்க மாட்டேன் என்று குடித்தனம் சொன்னதைக் கடிதத்தில் சேர்த்துவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்த வாரம் சொல்லிவிட்டுக் கீழ் வீட்டைப் பார்க்கிறேன், ரிப்பேர் இருந்தால் செய்துகொடுக்கிறேன். பாதி மாத வாடகையைச் சில மாதம் கழித்துக் கழிப்பது என்பதில்தான் இன்னும் ஒத்துவரவில்லை. மனைவி, ஒரு வருடம் கொடுத்தால் அடுத்த வருடமும் எதிர்பார்ப்பார்கள், கொடுக்காவிட்டால் நாம் ஏதோ கோபமாக இருக்கிறோம் என்று நினைப்பார்கள் என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய சாவி:
வருடா வருடம் கொடுக்காதீர்கள். 6, 8, 10 என்று ஒரு கணக்கு வைத்து, "உங்களுக்கு 6 வருடம் ஆனதற்காக" என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியும், நடுவில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நேர்கோடு:
8-வது வருடம் அவர்கள் வாடகையை இழுத்தடிக்க ஆரம்பித்திருந்தால்? சொன்ன வார்த்தைக்காக அப்போதும் கொடுப்பாரா?

குடித்தனம்:
6 வருடம் இழுக்காதவர் 8-வது வருடம் இழுக்கிறார் என்றால் அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அர்த்தம் சார். அப்போதுதான் அந்தப் பாதி மாதம் அவருக்கு நிஜமாகவே உதவும்.

நேர்கோடு:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். பரிசில் ஆரம்பித்து உதவியில் வந்து நிற்கிறீர்கள். கஷ்டத்துக்கு உதவுவது பெரிய விஷயம், செய்யட்டும். அதை வாடகை ரசீதில் எழுதாமல் தனியாகச் செய்யட்டும்.

மேல்மாடி:
பார்வைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்று கேட்டிருந்தேன். வரச் சொல்லிவிட்டார்கள். கூடவே "சிங்குக்கு அடியில் ஒன்று காட்ட வேண்டும்" என்றும் செய்தி வந்திருக்கிறது.